பதினொன்றில் ஒருவர்

ரத்த வங்கியை விட்டு ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் லேப் அக்காவுக்கு மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் கை ஒரு நொடி நின்றுவிடும். சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கும். நோய்க்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். அந்த மஞ்சளை நம்பியே அவள் பாதி ஆயுளை ஓட்டினாள்.

முதல் பன்னிரண்டு வருடம் அவள் வேலை பார்த்தது ஈரல் கிளினிக்கில். மேல்மாடி. எந்நேரமும் வெயில் வந்து விழும் ஜன்னல். பக்கத்து மேஜையில் குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் அந்தப் பெயர். அவனும் லேப் டெக்னீஷியன்தான். காலையில் அவள் ரத்த மாதிரிகளை ஊற்றுவாள், அவன் தட்டைக் கழுவுவான், இரண்டு பேரும் சேர்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அங்கே வருகிறவர்கள் கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி, ஏற்கெனவே பாதி நோயோடு வருகிறவர்கள். தட்டு மஞ்சளானால் அவர்களுக்கு ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய் இருக்கிறது, அவ்வளவுதான். பெரிய லேபுக்கு உறுதிச் சோதனைக்கு அனுப்பினாலும் அதே பதில்தான் திரும்பி வரும். அதனால் அவள் காத்திருப்பதையே விட்டுவிட்டாள். மஞ்சளைப் பார்த்ததும் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்.

ரத்த தானம் செய்கிறவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அந்தச் சோதனைக் கிட்டைத் தெரிந்தவள் என்று அவளைக் கீழ்த்தளத்து ரத்த வங்கிக்கு மாற்றினார்கள். அதே கிட், அதே தட்டு. ஜன்னல் மட்டும் இல்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு தபால்காரரின் ரத்தம் ஊற்றிய குழி மஞ்சளானது. இருபத்துமூன்று தடவை ரத்தம் கொடுத்தவர். வந்தால் நர்ஸிடம், "ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கோம்மா, நீதான் பயப்படுற" என்று சிரிக்க வைப்பார். லேப் அக்கா மறுபடி சோதனையை ஓட்டினாள். மறுபடியும் மஞ்சள். கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்குண்ணே. உறுதிச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன். ஆனா இந்த கிட் தப்பு சொல்லாது. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியா இருக்கும்."

"அப்போ நான் கொடுத்த ரத்தமெல்லாம்?" என்றார் அவர். தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் பெரிய லேபிலிருந்து ஒரு கத்தைக் கடிதம் வந்தது. இத்தனை மாதம் வந்த கடிதங்களைக் குமாஸ்தா கோப்பில் போட்டுக்கொண்டிருந்தார், யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்று குமாஸ்தா லீவு, அதனால் அவளே பிரித்தாள். இல்லை. இல்லை. இல்லை. நான்காவது ஆளுக்கும் நோய் இல்லை. கோப்பை எடுத்து முதலிலிருந்து எண்ணினாள். எட்டு மாதத்தில் மூவாயிரம் பேருக்குச் சோதனை. மஞ்சளானது முப்பத்துமூன்று. அதில் தபால்காரர் உட்பட நான்கு பேருடைய பதில் இன்னும் வரவேண்டும். வந்த இருபத்தொன்பதில் நோய் உறுதியானது மூன்றே மூன்று.

கிட் கெட்டுப்போய்விட்டது, வேறென்ன? அடுத்த நாளே திறக்காத ஒரு பெட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். குண்டூசி மூக்கைச் சுருக்கினான்.

"இங்கேயும் இதே பேட்ச் கிட்தானே ஓடுது. போன மாசம் இருபத்தொண்ணு மஞ்சள், இருபது உறுதியாச்சு. உன் கையிலதான் ஏதோ கோளாறு."

"என் கையா? உனக்குத் தட்டு கழுவச் சொல்லிக் குடுத்ததே இந்தக் கைதான்!"

சண்டை போட்டுக்கொண்டே அவள் கொண்டுவந்த பெட்டியை, ஏற்கெனவே பதில் தெரிந்த பழைய மாதிரிகளில் ஓட்டினார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. இரண்டு பேரும் ஜன்னலோரம் டீயை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டூசிதான் கிட்டின் துண்டுச் சீட்டை எடுத்து வாய்விட்டுப் படித்தான்.

"நோய் இல்லாத நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேருக்கு இல்லைன்னு சரியா சொல்லும். அப்போ ஒருத்தருக்குத் தப்பா இருக்குன்னு சொல்லும்."

"இரு, இரு. திரும்பப் படி." அவள் சீட்டைப் பிடுங்கினாள். "இது நோய் இல்லாதவங்களைப் பத்தின நூறு. நான் மஞ்சளானவங்களைப் பத்தின நூறுன்னு நினைச்சுச் சொல்லிட்டிருக்கேன்!"

பேனாவை எடுத்தாள். மேல்மாடிக்கு நூறு பேர் வந்தால் இருபது பேருக்கு நோய் இருக்கும், இருபதும் மாட்டும். மிச்சம் எண்பதில் ஒருவருக்குத் தவறாக மஞ்சளாகும். இருபத்தொன்றில் இருபது நிஜம். கீழ்த்தளத்துக்கு வருகிறவர்கள் நல்ல திடமானவர்கள், ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் நோய். அந்த ஒருவரும் மாட்டுவார். ஆனால் மிச்சம் இருக்கிற கிட்டத்தட்ட ஆயிரம் பேரில், நூற்றுக்கு ஒருவர் என்று பத்துப் பேர் சும்மாவே மஞ்சளாவார்கள்.

"பதினொண்ணுல ஒண்ணு," என்றான் குண்டூசி மெதுவாக. "கிட் மேல தப்பே இல்ல. வர்ற ஆளுங்கதான் வேற."

"தபால்காரருக்கு ரெண்டு தடவை ஓட்டினேனே?"

"அதே கிட்ல எத்தனை தடவை ஓட்டினாலும் அவர் ரத்தத்துல இருக்குற ஏதோ ஒண்ணு அதே மாதிரிதான் ஒட்டும். வேற வகைச் சோதனைதான் பதில் சொல்லணும்."

டீ ஆறிப்போயிருந்தது. அவளுக்கு அந்த முப்பத்துமூன்று முகங்களும் வரிசையாக வந்து நின்றன. எல்லோரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவிதான் திறந்தாள். வாசலோரத்து அறையில் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு.

"நாங்க யாரும் ஒதுக்கலம்மா," என்றாள் மனைவி. "இவரேதான். பேத்தி ஓடி வந்தா எழுந்து போயிடுறாரு."

லேப் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, நான் தப்பா சொல்லிட்டேன். உங்களுக்கு இல்லைன்னு இப்பவும் சொல்ல முடியாது. ஆனா உங்களை மாதிரி பதினொரு பேரை நிக்க வெச்சா, அதுல ஒருத்தருக்குத்தான் நிஜமா இருக்கும். கடிதம் வர்ற வரைக்கும் பொறுங்க. இருந்தாலும் பேத்தியைத் தூக்கலாம். அதையும் நான் சரியா சொல்லல."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "பதினொண்ணுல பத்துன்னா பரவாயில்லையே" என்றார். பேத்தி கதவருகே நின்று எட்டிப் பார்த்தது. அவர் எழுந்து போகவில்லை.

பதினாறு நாள் கழித்துக் கடிதம் வந்தது. இல்லை. அன்றைக்கு அவர் கீழ்த்தளத்துக்கே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஆனால் அன்றைய விதிப்படி ஒருமுறை மஞ்சளானவர் மறுபடி ரத்தம் கொடுக்க முடியாது. அதுதான் அவருக்குத் தாளவில்லை. "நல்ல ரத்தம்னு நீயே சொல்ற, வேண்டாம்னும் நீயே சொல்ற" என்று மாதக்கணக்கில் அவளிடம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். அந்தக் கோபம் நியாயம் என்று அவளுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கும் அவளே ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னாள். மஞ்சளானவர்களிடம் பேசும் வாக்கியத்தை அவளும் குண்டூசியும் உட்கார்ந்து ஏழெட்டுத் தடவை மாற்றி எழுதினார்கள். கிளினிக்குக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று. அடுத்த மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணிடம், பதினொன்றில் ஒருவருக்குத்தான் என்ற அந்தப் புது வாக்கியத்தைத்தான் சொன்னாள். அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள். கடிதம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு நோய் நிஜமாகவே இருந்தது. சீக்கிரமே தெரிந்ததால் வைத்தியமும் சீக்கிரமே ஆரம்பித்தது. நோய் இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல உட்கார்ந்த பகல் பொழுது லேப் அக்காவுக்கு மறக்கவே மறக்காது.

இப்போது கிட்டுகள் எவ்வளவோ தேறிவிட்டன, எந்திரமே முடிவை அச்சடித்துத் தருகிறது. குண்டூசி வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த மேல்மாடிக்கு வந்து சேரும். "அன்னிக்கு என் கையைத்தானேடா குறை சொன்னே" என்பாள் அவள். அவன் சிரிப்பான். கூடவே அவளும் சிரிப்பாள்.