கண்ணில் படாத உயர்வு

ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. யாருக்கு உயர்வு என்பது அவர்கள் வீட்டுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். உயர்வு கிடைத்த சில மாதங்களில் முன்பணம் கேட்டு என் மேசைக்கு வந்து தலையைச் சொறிபவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். எனக்குச் சிரிப்பு வரும். என் வீட்டை நினைத்ததும் அடங்கிவிடும்.

என் கணவர் ஏசி பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். சொந்தப் பட்டறை போட வேண்டும் என்பது அவருடைய கனவு. தொழில் காலூன்றும் வரை ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இருந்தால் வேலையை விடலாம் என்று பேசி வைத்திருந்தோம். முதல் உயர்வு வந்தது, பெரிய வீட்டுக்கு மாறினோம். அடுத்தது வந்தது, கார் வாங்கினோம். பட்டறைப் பேச்சு மட்டும் அப்படியே கிடந்தது.

மூன்றாவது உயர்வு வந்த அன்று மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்க அண்ணன் இருக்கிற அடுக்குமாடியில ஒரு வீடு காலியா இருக்காம். நீச்சல் குளமெல்லாம் இருக்கு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்க அண்ணன் அந்தக் குளத்துல கால் நனைச்சு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?”

“சம்பாதிக்கிறது எதுக்கும்மா? அனுபவிக்கத்தானே?”

“சரி, அப்ப பட்டறை?”

“அதுக்கும் சேர்ப்போம்.”

“எதுல சேர்ப்பீங்க? உயர்வு பூரா வாடகைக்குப் போயிடும். அதோட விடுதா? மாசச் செலவு ஏறினா, ஒரு வருஷத்துக்கு வேண்டிய தொகையும் ஏறிடும். சேர்க்கிறதும் நின்னுடும், சேர்க்க வேண்டியதும் கூடிடும். கடைசி வரைக்கும் இன்னொருத்தர் முன்னாடி கைகட்டி நிக்கப் போறீங்களா?”

கடைசியில் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“விலைவாசி ஏறுதே, அதுக்கு என்ன பண்றது?”

“உயர்வுல கால் பங்கு விலைவாசிக்கும் உங்க ஆசைக்கும். முக்கால் பங்கு, சம்பளம் விழுந்த அன்னிக்கே தானா வேற கணக்குக்குப் போயிடணும். கண்ணுல பட்டா நானும் சும்மா இருக்க மாட்டேன்.”

வங்கிக்கு அன்றே சொல்லி வைத்தோம். அந்தக் கால் பங்கில் அவர் ஒரு தூண்டில் வாங்கினார். ஒரு மீனும் மாட்டவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜா மாதிரி கிளம்பிப் போவார். நான்காவது உயர்வுக்கும் அதே முக்கால் பங்குதான். வீடும் மாறவில்லை, காரும் மாறவில்லை.

நினைத்த தொகை சேர்ந்த மாதம் அவர் ராஜினாமா கொடுத்தார். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுவரை தராத அளவுக்குப் பெரிய உயர்வு தருகிறேன் என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“போன ரெண்டு உயர்வையே இன்னும் செலவு பண்ணி முடிக்கல சார், இதையும் வாங்கி என்ன பண்ணன்னு கேட்டேன்.”