கிட்டங்கிப் பூனை

தேங்காய்ப்பட்டணத்தில் அருளப்பன் முதலாளியின் கருவாட்டுக் கிட்டங்கியில் விக்டோரியா எட்டு வருஷமாக வேலை பார்த்தாள். எலி பிடிக்க அங்கே ஒரு சாம்பல் பூனையும் இருந்தது.

ஒரு நாள் காலை முதலாளி தன் வேட்டை நாயோடு உள்ளே வந்தார். மூலையில் மாட்டிக்கொண்ட பூனை முதுகை வில்லாக வளைத்து, உடம்பைக் குறுக்காகத் திருப்பி, வாலிலும் முதுகிலும் ரோமம் சிலிர்த்து நிற்கச் சீறியது. பார்ப்பதற்கு இரு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

“இதுக்கு வெறி பிடிச்சிருக்கு,” என்று முதலாளி சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்தார்.

விக்டோரியா குறுக்கே வந்தாள். “வெறியில்ல மொதலாளி, பயம். பயந்தா நமக்கு மயிரு குத்திட்டு நிக்குமில்லியா, அதுதான் இது. குறுக்கத் திரும்பி நின்னா ஆளு பெருசாத் தெரியும். அதப் பாத்து நாயி விலகிப் போட்டும்னு நிக்கி. நாயப் பிடிச்சிட்டுப் போனா அது பாட்டுக்கு ஓடிரும்.”

“நீயாட்டி எனக்குப் படிப்பிச்சுத் தாற?”

அவளைத் தள்ளிவிட்டார். துடுப்பு பூனைமேல் இரண்டு முறை இறங்கியது.

விக்டோரியா செத்த பூனையைத் தூக்கினாள். ஒரு கையில் அடங்கியது. சாக்குகளுக்குப் பின்னால் கண் திறக்காத மூன்று குட்டிகள் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மழைக்காலத்தில் எலிகள் கருவாட்டுக் கட்டுகளைக் குதறிப்போட்டன. முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“எங்கயாவது ஒரு பூனை பாத்துக் கொண்டு வாட்டி. சீறாததா இருக்கணும்.”

விக்டோரியா கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.