மறைத்து வைத்த கருத்துகள்

ராசிபுரத்துக் கல்யாணங்களில் பாதிக்குத் தான்தான் போட்டோ எடுப்பதாக எங்கள் முதலாளி சந்திரசேகர் அண்ணன் சொல்லிக்கொள்வார். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கேமராவைப் பிடிக்கத் தெரியும், போனைப் பிடிக்கத் தெரியாது. அதனால் ஆல்பம் வடிவமைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில்.

அந்த வாரம் பக்கத்தில் போட்டது ஒரு வெண்ணந்தூர் கல்யாணம். பெண் பெயர் கலைமணி. மாப்பிள்ளை இளஞ்செழியன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். போர்வெல் போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சௌந்திரம் விசைத்தறி ஓட்டியே மகளைப் படிக்கவைத்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் கணவனை இழந்தவர்கள் கல்யாண மேடைக்கு வரமாட்டார்கள். சீர் செய்வதும் ஆரத்தி எடுப்பதும் சுமங்கலிகளின் வேலை. ஆனால் கலைமணி, அம்மா ஆரத்தி எடுத்தால்தான் மணையில் உட்காருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளையும் தலையாட்டினார். சௌந்திரத்தம்மாள் தலையில் ஒரு முழம் மல்லிகையோடு ஆரத்தி எடுத்தார். அண்ணன் அதை அழகாக எடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது.

அதை எட்டுப் படங்கள் கொண்ட கரூசலாக அடுக்கினேன். விரலால் தள்ளத் தள்ள அடுத்த படம் வரும். ஆரத்தி ஆறாவது படம். கடைசியில் படமில்லாமல் ஒரு வரி மட்டும்: “அப்பா இல்லாத மேடையில் அம்மாவே முன்னால் நின்றார்.” அம்மாவுக்கும் மகளுக்கும் அனுப்பி, இருவரும் சரி என்ற பிறகே போட்டேன்.

மதியத்துக்குள் பக்கம் பற்றிக்கொண்டது.

“பெத்தவளை விடப் பெரிய சுமங்கலி யாருங்க?” என்று ஒருவர் ஆரம்பித்தார். “முன்னோர் சொன்னது ஒண்ணும் முட்டாத்தனமில்ல” என்று அடுத்தவர். பிறகு அவர் படிப்பை இவர் இழுக்க, இவர் சாதியை அவர் இழுக்க, கல்யாணம் யாருடையது என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. எங்கள் பக்கத்தில் அதுவரை வந்த கருத்துகளெல்லாம் “சூப்பர்”, “ரேட் என்ன” இரண்டும்தான். எனக்குக் கை ஓடவில்லை.

பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். “எங்க வழக்கத்துல இது இல்லீங்க” என்று மரியாதையாகச் சொன்னால் அது இருக்கட்டும், அவர் எண்ணம் அவருக்கு. வசவு என்றால் நீக்கிவிடுவேன், அது நம் பக்கம் பேசுகிறவர் வாயிலிருந்து வந்தாலும் சரி. ஒரு கருத்தை நீக்கினால் அதன் கீழே வந்த பதில்களும் சேர்ந்தே போய்விடும். நல்ல பதில்கள் சில அப்படிப் போனதில் எனக்கு வருத்தம்தான். திரும்பத் திரும்ப வந்து கத்திய ஒருவரைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் போட்டேன். அதில் போட்டால் அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், தான் தனியாகக் கத்துவது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்து இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்.

அப்படியும் ஓயவில்லை. “முண்டச்சி”, “தாலியறுத்தவ” என்று வந்துகொண்டே இருந்தன. எத்தனையைத்தான் ஒவ்வொன்றாக நீக்குவது? அமைப்புகளுக்குள் போய், மறைக்க வேண்டிய சொற்கள் என்ற இடத்தில் அந்தச் சொற்களை, எழுத்தை மாற்றி மாற்றி எழுதும் வகைகளையும் சேர்த்து, கொட்டிவைத்தேன். அதன் பிறகு அந்தச் சொல் இருக்கும் கருத்து எதுவும் பார்ப்பவர் கண்ணில் படாது. கருத்துப் பகுதியின் அடியில் ஒரு மறைவான அடுக்கில் போய் விழுந்துவிடும். பக்கத்தின் சொந்தக்காரர் திறந்தால்தான் அது தெரியும். நான் திறக்கவில்லை. குப்பைத் தொட்டியை யாராவது திறந்து பார்ப்பார்களா? பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடிவிட்டேன் என்று அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கலைமணி போன் செய்தாள்.

“அக்கா, அந்தப் படத்தை எடுத்துடுங்க.”

“ஏன் கண்ணு? பக்கம் இப்பச் சுத்தமா இருக்குதே?”

“உங்க பக்கம் சுத்தமா இருந்து என்னங்க்கா? அதுக்கு முந்தியே எல்லாத்தையும் போட்டோ புடிச்சு எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாங்க. எங்கம்மா படிச்சிருச்சு.”

எதைப் படித்தார் என்று கேட்டேன். ‘முண்டச்சி ஆரத்தி எடுத்த மாப்பிள்ளை எத்தனை நாளைக்கு’ என்ற ஒரு வரி. நான் நீக்கிய வரிதான், நீக்குவதற்குள் யாரோ பிடித்துவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இளஞ்செழியன் ரிக் வண்டியோடு வடக்கே கிளம்புகிறார். வழியனுப்ப அம்மாவும் வரவேண்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இப்போது சௌந்திரத்தம்மாள் பூவை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை கிளம்பும் திசைக்கே வரமாட்டேன் என்கிறார்.

“நான் எதுக்க வந்து அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்மவ கதி என்னாறதுன்னு அழுவுதுங்க்கா. நான் அடம் புடிச்சதுதான் தப்பாப் போச்சு. இனி எம்முன்னால கூட எங்கம்மா நல்ல காரியத்துக்கு நிக்காது.”

அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். கூட்டம் கூட்டமாய் ஆட்கள் பார்க்கும் பதிவு, மாட்டேன் என்பாரோ என்று நினைத்தேன். அவரைக் குறைத்து நினைத்துவிட்டேன்.

“எடுத்துடு அம்மணி. அவங்க ஊட்டுப் படம், அவங்க வேண்டாம்னா அதோட சரி. ஆனா எடுக்கறதுக்கு முந்தி, சாபம் உட்டவனுங்க எழுதுனதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்க. நாளைக்கு அவங்க சைபர் கிரைமுக்குப் போகோணும்னா ஆதாரம் வேணும்ல?”

அதற்காகத்தான் அந்த அடுக்கைத் திறந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு என்றே சொல்லலாம்.

முதலில் இருந்தது வசவு. படம் பிடித்தேன். இரண்டாவதும் வசவு. மூன்றாவது இப்படி இருந்தது: “நானும் தாலியறுத்தவதான் சாமி. எம்மவ கல்யாணத்துல பாத்திரம் போட்டு வெச்ச ரூம்புல ஒக்காந்திருந்தன். மேளச் சத்தம் மட்டுந்தான் கேட்டுது. இந்தம்மா நிக்கறதப் பாத்து போனைத் தொட்டுக் கும்புட்டன். நல்லா இருக்கோணும்.” எழுதியவர் பெயர் அங்காளம்மாள், புதுச்சத்திரம்.

ஒருகணம் எனக்குப் புரியவில்லை. கீழே தள்ளினேன். “எங்கம்மாளை முண்டச்சின்னு எல்லா விசேசத்துலயும் ஒதுக்கி வெச்சாங்க. தையில என் கல்யாணம். இதைக் காட்டித்தான் எங்க மாமங்கிட்டப் பேசிட்டேன், எங்கம்மாதான் ஆரத்தி.” குமாரபாளையத்துப் பையன். இன்னொருவர்: “முண்டச்சின்னு எனக்கு இருவத்தி மூணு வயசுல பேர் வெச்சாங்க. இன்னைக்குத்தான் தலையில பூ வெச்சுப் பாத்தன். கண்ணாடி முன்னால மட்டும்.” தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வசவைவிட இவைதான் அதிகம்.

அவர்களுக்குத் தங்களைச் சொல்ல வேறு சொல் யார் கொடுத்தார்கள்? ஊர் கொடுத்த பெயரைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள். களை எடுக்கிறேன் என்று பயிரையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறேன். வைவதை மட்டும் சௌந்திரத்தம்மாள் கண்ணில் பட விட்டு, கும்பிட்டதையெல்லாம் ஒளித்துவைத்தது நான். எனக்கு என்மேல் வந்த கோபத்தில் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

கலைமணியைக் கூப்பிட்டேன். “சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க கண்ணு. அதுக்குப் பொறவும் எடுக்கச் சொன்னா அந்த நிமிசமே எடுத்துடறேன். இப்ப நான் உங்கம்மாளைப் பாக்க வாரேன்.”

வெண்ணந்தூரில் சௌந்திரத்தம்மாள் தறியில் நின்றார். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். முகம் கொடுக்கவில்லை.

“எடுத்துட்டீங்களாம்மா?”

“நீங்க இதைப் படிங்கம்மா. பொறவு எடுக்கறேன்.”

போனை நீட்டினேன். வாங்கத் தயங்கினார். இன்னும் என்ன வசவு என்று பயந்திருப்பார். “வஞ்சது இல்லீங்க” என்றேன். பாவு நூலின் கஞ்சி ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அங்காளம்மாள் எழுதியதை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். பாத்திர அறை வந்ததும் நிறுத்தினார்.

“எந்தங்கச்சி கல்யாணத்துல நானும் அங்கதான் ஒக்காந்திருந்தன்.”

பிறகு அடுத்ததைப் படித்தார், அதற்கடுத்ததை. பூ வைத்துக் கண்ணாடி பார்த்தவர் எழுதியதைப் படிக்கும்போது கண்ணீர் திரையில் விழுந்தது. திரை தானாக எங்கோ ஓடியது. துடைத்து மறுபடி தேடிக் கொடுத்தேன்.

“இத்தன பேருமா? இவங்கல்லாம் இத்தன நாளா எங்க சாமி இருந்தாங்க?”

“நான்தாங்க மறைச்சு வெச்சிட்டேன். கெட்ட வார்த்தைன்னு நெனச்சுப் போட்ட கட்டுல இவங்களும் மாட்டிக்கிட்டாங்க. என்னை மன்னிச்சுக்கோங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வைவார் என்றுதான் இருந்தேன். சிரித்தார்.

“உடு சாமி. எங்களை ஊரே மறைச்சுத்தான வெச்சுது. நீ ஒருத்தியாச்சும் தொறந்து பாத்தியே, அதுக்கு ஒரு கும்புடு.”

பெரிய மனசு என்று சும்மா சொல்வார்கள். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“படத்தை என்னங்க பண்றது?” என்று கடைசியில் கேட்டேன்.

“இருக்கட்டும். அந்தப் பூ வெச்ச பொண்ணு இன்னொரு தடவ பாக்கோணும்னு தேடுனா என்ன பண்ணும்?”

திரும்பி வந்து அந்த நல்ல கருத்துகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தேன். மொத்தமாகச் செய்ய வழியில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. அந்தச் சொற்களை மறைக்கும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வசவும் வந்துவிடும். அதற்குப் பதில் தினமும் காலையில் அடுக்கைத் திறந்து, யார் எதற்கு அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று நானே படித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மேலே நிற்கும்படி மூன்று கருத்துகளைக் குத்திவைக்கலாம். அங்காளம்மாளையும் குமாரபாளையத்துப் பையனையும் குத்தினேன். மூன்றாவது யாருடையது என்று முடிவு செய்ய முடியாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா போனாரா இல்லையா என்ற நினைப்பிலேயே எனக்கு வேலை ஓடவில்லை. கேட்கவும் பயம். கலைமணியும் கூப்பிடவில்லை. அண்ணன் மூன்று முறை டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் அதே நினைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல அடுக்கைத் திறந்தேன். ஒரே ஒரு கருத்து விழுந்திருந்தது. படம் இல்லாத, அன்றைக்குத்தான் தொடங்கிய கணக்கு. பெயர் சௌந்திரம்.

“நாந்தான் அந்த ஆரத்தி எடுத்த முண்டச்சி. வெள்ளிக்கிழமை எங்க மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, அத்தை நீங்க எதுக்க வந்தாத்தான் கிளம்புவேன்னு சொல்லிப்போட்டார். கொடத்துல தண்ணி மொண்டு எதுக்க வந்தேன். இன்னைக்கு நல்லபடியா எடத்துக்குப் போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ணினார். எனக்காக எழுதுன அத்தன பேருக்கும் கோடி நன்றி சாமி.”

“அண்ணா!” என்று கத்தினேன். அவர் ஓடிவந்து என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தக் கருத்தை வெளியே கொண்டுவந்து, காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் குத்தினேன்.