மங்காத பச்சை

செஞ்சிக்கு மேற்கே காப்புக்காட்டு மலையில் ஆடு மேய்க்கப் போனவர்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த இரண்டு பாறைகளுக்கு அடியில் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டார்கள். மழையும் எட்டாத இடுக்கு அது. கை எலும்புக்குப் பக்கத்தில் எஃகுச் சங்கிலி போட்ட ஒரு கைக்கடிகாரம் கிடந்தது. கறுப்பு டயல், ஸ்விஸ் கம்பெனி.

சப் இன்ஸ்பெக்டர் பூங்குழலி காணாமல் போனவர்கள் பற்றிய பழைய புகார்களைத் தேடி எடுத்தபோது, மேல்சித்தாமூர் நீலாஞ்சனா கொடுத்த புகாரில் அதே கம்பெனிப் பெயர் இருந்தது. அவள் கணவன் தேவேந்திரன் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் திண்டிவனம் போய் வருகிறேன் என்று பஸ் ஏறியவன். திரும்பவில்லை. சண்டை கிடையாது, நோய் கிடையாது. ஏன் போனான், எங்கே போனான் என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது மகள் ரம்யாவுக்கு மூன்று வயது.

செஞ்சி கடைத்தெருவில் வாட்ச் கடை வைத்திருக்கும் பத்மகுமார், நீலாஞ்சனாவின் தம்பி. அதனால் பூங்குழலி அந்தக் கடிகாரத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக அவன் கடைக்கே வந்துவிட்டாள். நீலாஞ்சனாவும் முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தாள்.

கம்பெனி அதேதான், மாடலும் அதேதான். பத்மகுமாருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அதன் ஜோடி அவனிடம் இருந்தது. தேவேந்திரன் சிங்கப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தபோது தனக்கொன்று, மச்சினனுக்கொன்று என்று ஒரே மாதிரி இரண்டு கடிகாரம் வாங்கி வந்தான். அந்தக் கம்பெனி அந்த மாடலைப் பல வருஷம் விட்டுக்கொண்டிருந்தது. முதுகில் மாடல் எண் மட்டும்தான் இருக்கும், தனித்தனி எண் கிடையாது. சங்கிலியில் கீறல், கண்ணாடியில் தேய்மானம் எல்லாம் யார் கட்டினாலும் வரக்கூடியவை.

கடையின் பின்கட்டு அறைக்கு ஜன்னல் இல்லை. மூவரும் அங்கே போனதும் பத்மகுமார் விளக்கை அணைத்தான். கள்ள நோட்டு பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கைக் கடிகாரத்தின்மேல் கொஞ்ச நேரம் பிடித்தான். பிறகு அதையும் அணைத்தான்.

இருட்டில் பன்னிரண்டு புள்ளிகளும் இரண்டு முள்ளும் பச்சையாக எரிந்தன. அறைச் சுவர்கூட லேசாகத் தெரிந்தது.

நீலாஞ்சனா அதைத் தம்பியின் கையிலிருந்து வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக யார் முன்னாலும் அழாதவள், அங்கே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

"இதே வெளிச்சம்தான் தம்பி. குழந்தைக்குப் பால் குடுக்க எழுந்துப்பேன். கரண்ட் இருக்காது. இவர் கை எங்க இருக்குதுன்னு இதை வெச்சுத்தான் தெரியும். இதேதான்."

பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். பத்மகுமார் அக்காவுக்குத் தெரியாமல் தன் மேசை இழுப்பறையிலிருந்து தன் கடிகாரத்தை எடுத்து, அதே ஊதா விளக்கைக் காட்டினான். விளக்கு பட்டவரை அதன் புள்ளிகள் மங்கலான மஞ்சளாகத் தெரிந்தன. விளக்கை எடுத்ததும் ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை, செத்துப்போயின.

எலும்பு வெக்கையிலும் காற்றிலும் பல வருஷம் கிடந்தது, டிஎன்ஏ எடுக்க வருமா என்று ஆய்வுக்கூடத்துக்காரர்களே உறுதி சொல்லவில்லை என்றாள் பூங்குழலி. குடும்பத்தார் கடிகாரத்தை அடையாளம் காட்டி, தொழில் தெரிந்த ஒருத்தரும் ஆமாம் என்று சொன்னால், உடலை ஒப்படைக்க மேலே எழுதலாம் என்றாள். பத்மகுமார் நாளைக்குச் சொல்கிறேன் என்றான். அக்கா அவனை வியப்பாகப் பார்த்தாள்.

அன்று கடையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்காவுக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும். வாசலில் ஆள் வந்தால் முகத்தைப் பார்க்கும் பழக்கம் போகும். நெற்றியில் பொட்டு வைக்கும்போதெல்லாம் வைக்கலாமா கூடாதா என்று கை தயங்குவதும் நிற்கும். சுடுகாட்டில் ஒரு தீ, அதற்குப் பிறகு நிம்மதி. எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் வந்து அவனுக்கு ஒன்று தடுக்கியது. அந்த எலும்பு யாரோ ஒருத்தருடையது. அந்த வீட்டுக்காரர்களும் எங்கேயோ வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

காலையில் மேல்சித்தாமூர் போனான். வீட்டில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ரம்யா விழுப்புரத்திலிருந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சடங்கை எந்த நாளில் வைப்பது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. பத்மகுமார் அக்காவையும் ரம்யாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டான். இரண்டு கடிகாரத்தையும் எதிரே வைத்துக் காட்ட முடியாது, ஒன்று காவல் நிலையத்தில் இருந்தது. தன்னுடையதை மட்டும் கையில் கொடுத்தான்.

"இதும் மாமா வாங்கினதுதானே. புள்ளியைப் பாருக்கா. இன்னா நிறமா இருக்குது?"

"வெல்லம் மாதிரி."

"வாங்கினப்போ வெள்ளையா இருந்துச்சு. ராத்திரி பூரா எரியும். இப்ப எரியறதில்ல."

எல்லோரும் அதை ரேடியம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இந்தக் கடிகாரங்களில் ரேடியம் கிடையாது என்று சொன்னான். அந்தக் காலத்துப் பூச்சில் டிரிட்டியம் என்று ஒன்றைக் கலப்பார்கள். அதற்கு வெளிச்சமே காட்ட வேண்டாம். அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கும். அழியும்போது அதிலிருந்து தெறிக்கிற துகள்கள் கூடக் கலந்த பொடியில் போய் மோதும். மோத மோத அந்தப் பொடி ஒளிரும். அதனால்தான் கரண்ட் இல்லாத ராத்திரியில், விடியும்வரைக்கும் ஒரே அளவாக எரிந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் டிரிட்டியம் பாதியாகிவிடும். இன்னொரு பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பாதியிலும் பாதி. பொடியும் அத்தனை வருஷம் அடி வாங்கி வாங்கிக் கெட்டுப்போகும். எந்த விளக்கைக் காட்டினாலும் திரும்ப வராது. டயலின் அடியில் ஸ்விஸ் என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு 'டி' போட்டிருப்பது அதற்கான குறிதான்.

"நேத்து பார்த்ததுல அந்த எழுத்து இல்லக்கா. அது புதுப் பூச்சு. வெளிச்சத்தைக் குடிச்சு வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுக்கும். விளக்கைக் காட்டினதும் ஜோரா எரியும், நேரம் ஆக ஆகக் குறையும். மறுபடி விளக்கைக் காட்டினா மறுபடி அதே மாதிரி எரியும். தண்ணி உள்ள போகாத வரைக்கும் வருஷக்கணக்கா கெடாது. அந்தக் கம்பெனி இதைப் பூச ஆரம்பிச்சதே மாமா போய் அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான்."

நீலாஞ்சனா கையிலிருந்த கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எரிஞ்சதே," என்றாள். "நான் பார்த்தேனே."

"எரிஞ்சதாலதான் அது அவருது இல்லங்கறேன்."

ரம்யாதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். டயலை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம் இல்லையா மாமா என்றாள். பத்மகுமார் அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தான். மாற்றியிருக்கலாம். சர்வீஸுக்குப் போகும் பழைய கடிகாரங்களில் கம்பெனியே டயலையும் முள்ளையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுக் கொடுப்பது உண்டு. அதை மறைக்காமல் சொன்னான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது தேவேந்திரன்தான் என்றால், இவளும் குழந்தையும் காத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவன் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறான். கடிகாரத்தைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறான். இந்த மலைவரைக்கும் வந்தவன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"நேத்தே ஆமாம்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ," என்றாள் நீலாஞ்சனா. குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாள் எனக்கு நிம்மதி இருந்துச்சு. ஒரே ஒரு நாள்."

எழுந்து போய் உறவுக்காரர்களிடம், சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாள்.

பத்மகுமார் செஞ்சிக்குத் திரும்பி, பார்த்ததைப் பார்த்தபடியே பூங்குழலியிடம் சொன்னான். அவள் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த புகார்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். சீயமங்கலம் பக்கத்துச் செல்லம்மாளின் மகன் வெற்றிவேல் சென்னைத் துறைமுகத்தில் வெல்டராக இருந்தவன். ஊர் வந்தவன் ஒரு நாள் மலைக்குத் தேன் எடுக்கப் போனான், அதோடு காணவில்லை. அந்தப் புகாரில் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேட்டபோதுதான் செல்லம்மாள், கப்பல்காரர் ஒருத்தரிடம் வாங்கினேன் என்று மகன் ஒரு வாட்ச்சைக் காட்டியதாகச் சொன்னாள். ரம்யாவிடமும் செல்லம்மாளிடமும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். கடைவாய்ப் பல்லிலிருந்து டிஎன்ஏ கிடைத்தது.

முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை நீலாஞ்சனா தம்பி கடைப்பக்கம் வரவே இல்லை. போன் செய்தாலும் எடுக்க மாட்டாள், ரம்யாவைக் கூப்பிட்டுத்தான் விசாரிப்பான். முன்பெல்லாம் அவர் வரட்டும், வந்தால் கேட்கிறேன் என்று பேசுகிறவள், அந்த மாதங்களில் கணவன் பேச்சையே எடுக்கவில்லை என்று ரம்யா சொன்னாள். வராவிட்டாலும் பரவாயில்லை, அது அவராக மட்டும் இருக்கக் கூடாது என்று ஒரு முறை மகளிடம் சொல்லியிருக்கிறாள். செத்துக்கிடந்தவன் தன் கணவனாக இருக்க வேண்டும் என்று அழுத அதே வாய்தான்.

ரம்யாவோடு பொருந்தவில்லை. எலும்பு வெற்றிவேலுடையது.

பத்மகுமார் போனில் சொன்னதும் அக்கா, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள். அந்த அம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சமண வீட்டு வழக்கப்படி இருட்டினால் அவள் சாப்பிட மாட்டாள், அதனால் காலையிலேயே வண்டியை எடுத்தான்.

காரியம் முடிந்த வீடு. செல்லம்மாள் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று பத்மகுமார் சொன்னதும் பாயை இழுத்துப் போட்டாள். நீலாஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்து, முறத்திலிருந்து தானும் ஒரு பிடி கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

பதினாலு வருஷமாக அவன் துணியை எல்லாம் வெயிலில் போட்டு எடுத்துவைத்தேன், இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள் செல்லம்மாள். நீலாஞ்சனா ஆமாம் என்று தலையசைத்தாள். வெகுநேரம் கடலைதான் உடைபட்டது.

"எங்க புள்ளைய எங்களுக்குக் குடுத்தது உங்க தம்பிதான்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க," என்றாள் செல்லம்மாள். பிறகு தயங்கி, "உங்க வூட்டுக்காரரு?" என்றாள்.

"தெரியல."

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு வந்துடுவார் என்றுதான் அக்கா பதில் சொல்லிப் பத்மகுமார் கேட்டிருக்கிறான். வாசலில் நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே செல்லம்மாள் முறத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உரிக்க இன்னும் பாதி மூட்டை இருந்தது.