பதினாறு ஃப்ரேம்

படத்துக்கு இசையமைக்கிற அக்காவும் அதே படத்தை எடிட் செய்கிற தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால், சாப்பாட்டு மேஜைக்குக்கூட நிம்மதி கிடையாது. இருந்தாலும் அக்கா வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். இது அவளுடைய முதல் படம். டைரக்டரை நச்சரித்து இந்த வாய்ப்பை வாங்கித் தந்தவனே தம்பிதான்.

டைரக்டருக்கோ மனசு வேறு இடத்தில் இருந்தது. எடிட்டிங்கின்போது காட்சிக்கு அடியில் தற்காலிகமாகப் போட்டுவைத்த யாருடையதோ ஒரு பழைய இசை, அந்த டெம்ப் ட்ராக், அவருக்குச் சொக்குப்பொடி போட்டு வைத்திருந்தது. இசை எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது என்று மூவரும் படத்தைப் பார்த்து முடிவு செய்த ஸ்பாட்டிங் அன்று, கடைசிக் காட்சி வந்ததும் அவர் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

"சார், கொஞ்சம் கண்ணத் திறந்து பாருங்க," என்றாள் அக்கா. "கதவு தட்டற சத்தத்துக்கு ம்யூசிக் வேணாம். அப்பா நாற்காலிய விட்டு எழுந்திருக்கட்டும், அங்க ஆரம்பிக்கலாம். கதவத் திறந்த அந்த நொடி பட்டுன்னு நிக்கணும். வெளியில மக நிக்கறா. அவளப் பாக்கறப்ப ஒரு சத்தமும் இருக்கக் கூடாது."

"பண்ணிப் பாரும்மா. கதவுல சரியா வந்து உக்காரலேன்னா என் டெம்ப் ட்ராக்தான். அதுக்கு அனுமதியெல்லாம் பேசி வெச்சாச்சு."

ஒலிப்பதிவு நாள் வந்தது. கூடம் வாடகைக்குக் கிடைத்தது மதியம் வரைக்கும்தான். திரையில் படம், வாத்தியக்காரர்கள் காதில் ஹெட்போன், அதில் தாளம் காட்ட டிக் டிக் என்று கிளிக் ட்ராக். எட்டு கிளிக் முன்னால் ஓட, ஒன்பதாவதில் அப்பா எழுந்தார். அக்கா கையை வீச, இசை எழுந்தது. சுவரைத் தொட்டார், சரியாக அங்கே செல்லோ. அடேங்கப்பா! நடையில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக் காலரைச் சரிசெய்துகொண்டு, போய்க் கதவைத் திறந்தார். மகள் முகம் தெரிந்த பிறகும் வயலின்கள் வாசித்துக்கொண்டிருந்தன. அதற்கப்புறம்தான் கடைசி அடி விழுந்தது.

"லேட்டு," என்றார் டைரக்டர்.

இன்னொரு தடவை வாசித்தார்கள். மறுபடியும் அதே லேட்டு. கிளிக் சரியான ஃப்ரேமில்தான் தொடங்குகிறது என்று சவுண்ட் இன்ஜினியர் சத்தியம் செய்தார். கண்ணாடி வரைக்கும் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. அதற்குப் பிறகுதான் பிசகுகிறது. அக்கா திரும்பிப் பார்த்தாள். மூலையில் தம்பி செல்போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

"டேய். இங்க பாரு."

"கண்ணாடி முன்னாடி கொஞ்சம் இழுவையா இருந்துச்சுக்கா. நேத்து சாயங்காலம் லேசா..."

"லேசான்னா?"

"பதினாறு ஃப்ரேம். புதுப் பிரிண்ட காலையில இங்க குடுத்துட்டேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"அடப்பாவி! படம் லாக் ஆயிடுச்சு, இனி தொட மாட்டேன்னு சொன்னியே!"

"கண்ணச் சிமிட்டற நேரம்தானே! வேணும்னா திருப்பி ஒட்டிடறேன்."

"வேணாம்," என்றார் டைரக்டர். "அந்த வெட்டு நல்லா இருக்கு. விடும்மா, டெம்ப் ட்ராக்கே இருக்கட்டும்."

அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நிமிடம் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பியைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் பாதியில் நின்றாள். நொடிக்கு இருபத்து நாலு ஃப்ரேம் ஓடுகிற படம். அவள் கிளிக் விழுவது பதினாறு ஃப்ரேமுக்கு ஒன்று. ஒரு கிளிக் ஒரு தாள அடி, நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். பயல் ஒரு அடியை அப்படியே, பிசிறில்லாமல் தூக்கியிருக்கிறான்!

"எல்லாரும் பென்சில் எடுங்க. பதினோராவது பார், கண்ணாடி வர்ற இடம். நாலாவது அடியக் கோடு போட்டு நீக்கிடுங்க. அந்த ஒரு பார் மட்டும் மூணு."

"அங்க நொண்டுமேம்மா," என்றார் முதல் வயலின்காரர்.

"நொண்டட்டும்."

இன்ஜினியரும் கிளிக்கில் அந்த பாரை மூன்றாக்கினார். அடுத்த பார் தொடங்கும் கனத்த 'டக்' ஒரு அடி முன்னால் வந்தது. மீண்டும் படம் ஓடியது. அப்பா எழுந்தார், சுவரைத் தொட்டார். கண்ணாடி முன்னால் இசை கால் தடுக்கியதுபோல் ஒரு அடியை விழுங்கிவிட்டு நடந்தது. கதவு திறந்தது. பட்டென்று எல்லாம் நின்றது. மகள் முகம் மட்டும் இருந்தது. கூடத்தில் ஒருவரும் வில்லைக் கீழே வைக்கவில்லை.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "கண்ணாடிகிட்ட என்னமோ தடுக்குச்சே, என்னது?"

போச்சுடா என்று நினைத்தாள் அக்கா. "ஒரு அடி குறைச்சேன் சார்."

"அங்கதாம்மா எனக்கு நெஞ்சு அடைச்சுது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். "அந்த டெம்ப் ட்ராக்கத் தூக்கிடுப்பா."

தம்பி மடிக்கணினியைத் திறந்தான். விரலைப் பட்டன்மேல் வைத்தவன், இந்தத் தடவை அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"வெட்டட்டுமா?"

"இத மட்டும் என்னைக் கேக்காம வெட்டுடா," என்றாள் அக்கா.