ஆம்ப்ரோஸ் சார் இல்லாத ஏழு நாள்

பெங்களூரு ஹெப்பகோடியில் எங்கள் கம்பெனி. பதினோரு அபார்ட்மெண்ட்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளாண்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஆரம்பித்தவர் ஆம்ப்ரோஸ் சார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து ஒரு தடவை மோந்தால் போதும், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

ஒரு பெரிய அபார்ட்மெண்ட் குழுமத்தின் மேனேஜர் நரேஷிடம் நான் எங்கள் அடுத்த வருஷத் திட்டத்தைக் கொடுத்தேன். அவர்களுடைய ஒரு பிளாண்ட் ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. நாங்கள் கேட்டது இன்னும் ஐந்து.

"ரூபினி, ஆம்ப்ரோஸ் சார் நாளைக்கு வரலேன்னா யாரு பாப்பாங்க?" என்றார் நரேஷ், கன்னடம் கலந்த தமிழில்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கோம் சார்!"

"நோடி, எழுதுனது சரியான்னு பாப்போம். ஏழு நாள் அவரு வரக்கூடாது, போனும் எடுக்கக்கூடாது. சுத்தம் பண்ணி டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்குப் போற தண்ணி தெளிவா இருந்தா அஞ்சு பிளாண்ட்டும் உங்களுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபீஸில் வந்து சொன்னதும் ஆம்ப்ரோஸ் சார் சிரித்தார். "தீபாவளி வாரம் வெச்சுக்கலாம். நான் வேளாங்கண்ணி போறேன்" என்று போனை அணைத்து என் மேஜை டிராயரில் போட்டார். ரெண்டு மாசம் அவர் கூடவே அலைந்து நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். ஆறாம் பக்கத்தில் சிவப்பில், 'காற்று ஊதும் ப்ளோயரை ஒருபோதும் நிறுத்தாதே.' அந்த வரியில் எனக்கு ஒரு பெருமை.

மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் காலை நரேஷின் பிளாண்ட்டில் தொட்டி மேல் பழுப்பு நுரை. தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தேன். அடியில் சேறு படியவேண்டும், மேலே தெளிய வேண்டும். படிந்தது கொஞ்சம்தான். மேலே நுண்ணிய தூள் மாதிரி ஏதோ மிதந்துகொண்டே இருந்தது. தண்ணீர் கலங்கல்.

நாற்பது பக்கத்தையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை. சாருக்குப் போன் போடலாமா என்று தோன்றியது. அவர் போனே என் டிராயரில், யாருக்குப் போட?

முதலில் ஃப்ளஷ் லைனை மூடி, வீடுகளுக்கு போர்வெல் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். நரேஷுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "இன்னும் மூணு நாள் இருக்கு" என்றார்.

பிளாண்ட் ஆபரேட்டர் இராஜமாணிக்கம் அண்ணன் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வெல்லம் எப்ப மா வரும்?"

"என்ன வெல்லம்?"

"லீவுல பாதி வீடு பூட்டிக்கினு ஊருக்குப் போயிடுவாங்க இல்ல? சாக்கடையே கம்மியாத்தான வரும். உள்ள இருக்கிற பூச்சிக்குத் தீனி? சார் வருஷா வருஷம் வெல்லம் கரைச்சு ஊத்துவாரு. ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டச் சொல்லுவாரு."

"அண்ணா, இதை ஏன் சொல்லல?"

"நீ எங்க என்னைக் கேட்ட? சார் பின்னாடியேதான ஓடிக்கினு இருந்த!"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அழுக்கைத் தின்னும் கிருமிகளைப் பட்டினி போட்டு, போதாததற்கு இருபத்துநாலு மணி நேரமும் காற்றடித்துச் சிதறடித்திருக்கிறேன். என் சிவப்பு வரியை நம்பி.

"எவ்ளோ ஊத்துவாரு?"

"அஞ்சு கிலோ. காலைல பாதி, சாயந்திரம் பாதி. ப்ளோயர் ரெண்டு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிக்கும்."

என் கையாலேயே ப்ளோயரை நிறுத்தினேன். வெல்லம் வாங்கிவரச் சொல்லி, கரைத்து ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் மாற்றமில்லை. ஆறாம் நாள் நுரை அடங்கியது. ஏழாம் நாள் காலை நரேஷ் வந்தபோது ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். அதன் வழியாக அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

அவர் பார்த்தது தண்ணீரை அல்ல, பக்கத்தில் விரித்து வைத்திருந்த ஆறாம் பக்கத்தை. சிவப்பு வரியை அடித்து, வெல்லக் கணக்கெழுதி, கீழே இராஜமாணிக்கம் அண்ணனிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

"ஆயித்து. அஞ்சும் தர்றேன். ஆனா ஒவ்வொரு வேலைக்கும் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கணும்."

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்த ஆம்ப்ரோஸ் சாரிடம் கத்தினேன். "வெல்லம் சார்! ஏன் சொல்லல?"

அவர் விழித்தார். "அது ஒரு விஷயமா? அதையெல்லாமா எழுதுவாங்க?"

"வேற என்னெல்லாம் பண்றீங்க?"

"வேற ஒண்ணும் இல்லையே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "மழை நாள்ல வால்வைக் கொஞ்சம் திருப்புவேன்." இராஜமாணிக்கம் அண்ணன் பக்கத்திலிருந்து, "வீட்டுல பினாயில் நெறைய கொட்டுனா?" என்றார். "ஆமா, அதுக்கு ஒண்ணு பண்ணுவேன்." மத்தியானம் வரைக்கும் எழுதினேன். பத்தொன்பது!

ஆம்ப்ரோஸ் சார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவ்ளோத்தையும் மனசுலயே வெச்சுக்கினா வேளாங்கண்ணி போனேன்?"

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டேன்: செய்கிறவருக்கு ஒன்று, அவர் இல்லாவிட்டால் செய்கிறவருக்கு ஒன்று. முதல் கட்டத்தில் எங்கள் ஆபரேட்டர்களின் பெயர்கள். அவர் பேனாவை வாங்கி, தன் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதினார்.