மேல் மூன்று வரிகள்

தேர்வு பதினொரு மணிக்கு. பத்து மணியிலிருந்தே அந்தச் செவிலி, மொழி வகுப்பின் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். இருப்புக்கொள்ளவில்லை.

இத்தாலியில் முதியோர் இல்ல வேலைக்கு இத்தாலிய மொழித் தேர்வு. அந்தாரே, ஃபாரே, வெனீரே. அதாவது போ, செய், வா. மற்ற வினைச்சொற்கள் போகிற வழியில் போகாத மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம், ஆகப் பதினெட்டுக் கோடிட்ட இடங்கள். பன்னிரண்டு சரியாக இருந்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் நிற்கும். அவளுக்குத் தெரிந்ததோ ஒன்பது.

அவளும் கணவனும் சேர்ந்துதான் படித்தார்கள். வேலை முடிந்து வந்த அலுப்பில் பயிற்சித்தாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான், நீ, அவன் என்ற மேல் மூன்று வரி கணவன் பங்கு. நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற கீழ் மூன்று அவள் பங்கு. முடித்ததும் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொள்வது. கை எழுதும், மனதில் ஒட்டாது. இரண்டு மாதம் முன்பு அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவன் நோட்டு அவள் பையிலேயே கிடந்தது. திறக்க மனம் வரவில்லை.

"என்ன சிஸ்டர், படிக்கட்ட அளந்து முடிச்சாச்சா?" என்றார் சமையல்காரர். அவரும் தேர்வு எழுத வந்தவர். "இவங்க பாஷையில அவன் போறான்னா 'வா'வாம்! என் மாமியார்கிட்ட பேசினா வம்புதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, மேல் மூணு வரி எனக்குத் தெரியாது."

"அவர் எழுதி வெச்சிருப்பாரேம்மா."

"அதான் திறக்க முடியல."

"இப்ப திறக்காம எப்போ? இன்னும் அஞ்சு நிமிஷந்தான்."

படியிலேயே உட்கார்ந்து திறந்தாள். பென்சில் எழுத்து. 'நான் போகிறேன்' என்ற முதல் வரியில் 'அந்தோ' என்று எழுதி, அடித்து, 'வாதோ' என்று திருத்தியிருந்தான். பக்கத்தில், 'முட்டாள், இது வேற மாதிரி.' தன்னையே திட்டிக்கொள்வது அவன் வழக்கம். வாதோ, வாய், வா. ஃபாச்சோ, ஃபாய், ஃபா. வாய்விட்டுச் சொன்னாள். மறுபடி சொன்னாள். வெனீரேயின் முதல் வரி 'வெங்கோ'வில் இருக்கும்போதே தேர்வு மணி அடித்துவிட்டது.

தேர்வில் பழக்கதோஷத்தால் கீழ் வரிகளை முதலில் எழுதினாள்: அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ... ஒன்பதும் விறுவிறுவென்று முடிந்தன. மேலே பார்த்தாள். வெற்றிடம். அதை நிரப்ப யாரும் வரப்போவதில்லை. பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 'வாதோ' என்று எழுதினாள்.

வாத்தியார் அங்கேயே திருத்தினார். "பதினாறு. வெனீரேல ரெண்டு போச்சு. வியேனி, வியேனேன்னு வரணும், நீங்க வேனி, வேனேன்னு போட்டிருக்கீங்க."

"அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க சார்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. பேர் நிக்குமா?"

"நிக்கும்."

அடுத்த பாடத்தாளை நீட்டினார். வாங்கியவள் உட்காரக்கூட இல்லை. சன்னலோரம் நின்றபடியே தாளைச் சுவரில் வைத்து, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.